ஜெல் சானிடைசரில் எத்தனால் எவ்வளவு? வடித்துப் பார்ப்பது எப்படி

பெங்களூரு பீனியாவில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் ஜெல்லை நேராகக் குப்பியில் நிரப்பி, எடை போட்டு, எந்த அடர்த்திக்கு எத்தனை சதவீத எத்தனால் என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்து, "லேபிளில் 70, உள்ளே 65" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் ஜெல்லில் கிளிசரினும் அதைக் கெட்டியாக்கும் கார்போமரும் இருக்கின்றனவே! அவை எடையைக் கூட்ட, எத்தனால் குறைந்தது போலத் தெரிகிறது. தண்ணீரும் எத்தனாலும் மட்டும் கலந்த திரவத்துக்குத்தான் அந்த அட்டவணை. அதனால் முதலில் காய்ச்சி வடித்து, எத்தனாலை அவற்றிலிருந்து பிரிக்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு ஜெல்லையே எடுத்துக்கொள்வோம். லேபிளில் 70% (கன அளவில்). காற்றுக் குமிழ் அடங்கும் வரை மூடி வைத்து, 20 டிகிரியில் அடர்த்தி பார்த்தோம்: 0.8980. ஜெல்லை பிப்பெட்டில் சரியாக அளக்க முடியாது, அதனால் 25 மி.லி.க்கு ஈடாக 22.45 கிராம் நிறுத்தோம். குடுவையில் போட்டு, 125 மி.லி. தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தோம். உப்பு பட்டதும் ஜெல் நீர்த்துவிடும், இல்லையென்றால் நுரைத்துப் பொங்கும். கொதிகற்கள் சிலவற்றையும் போடுங்கள்.

சூடேற்ற மின்சார மேன்டில்தான், தீச்சுடர் கூடாது. இணைப்புகளில் கசிவு இல்லாமல், குளிர்விப்பானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மெதுவாக வடியுங்கள். சுமார் 90 மி.லி. சேர்ந்ததும் நிறுத்தி, 20 டிகிரிக்கு ஆற்றி, தண்ணீர் விட்டு 100 மி.லி. கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது 25 மி.லி. பிக்னோமீட்டர், அதாவது அடர்த்தி பார்க்கும் குப்பி. வெறுமையாக ஒரு எடை, தண்ணீரோடு ஒரு எடை, வடிநீரோடு ஒரு எடை. மூன்றும் ஐஸ் போட்டு 20 டிகிரியில் நிறுத்திய தொட்டியில் வைத்த பிறகுதான். இங்கே வெயில் காலத்து அறை 27 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் அளந்தால் 70 சதவீதக் கலவை 72 போலக் காட்டும்.

வெளிப்பக்கம் துடைப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். கழுத்தில் ஒட்டிய ஒரு சொட்டு 0.05 கிராம் என்றால் அடர்த்தி 0.002 ஏறும், முடிவு ஏழு புள்ளி இறங்கும். ஒருமுறை நானே அப்படி ஒரு நல்ல சரக்கைத் தள்ளுபடி செய்யப் பார்த்தேன்.

எங்கள் வடிநீரின் அடர்த்தி 0.9768. அட்டவணையில் அது 17.0 சதவீதம். 25 மி.லி.யை 100 ஆக்கியதால் நான்கால் பெருக்க, 68. நேரடி அளவீடு சொன்ன 65 எங்கே, இது எங்கே! இரண்டாம் முறை வடித்து, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்த பிறகே எழுதினோம்.

வடிநீர் கலங்கலாக வந்தால் வாசனை எண்ணெயும் கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம், அடர்த்தியை நம்ப வேண்டாம். மெத்தனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இதே போல வடிந்து வந்துவிடும். அவற்றின் அடர்த்தியும் எத்தனாலுக்கு ஒட்டியே இருப்பதால் இந்த முறைக்கு வித்தியாசம் தெரியாது. சந்தேகம் இருந்தால் அதே வடிநீரில் கொஞ்சம் கேஸ் குரோமட்டோகிராஃபிக்கு அனுப்புங்கள்.