இறுதிக் கணக்கைச் சுருக்கும்போது: நிகரத்தை மொத்தமாக்காதீர்கள்

வேலையை விட்டுப் போகும் ஊழியரின் இறுதிக் கணக்கு அறிக்கையைச் சுருக்கி, அவருக்குச் சேர வேண்டியது, பிடிக்க வேண்டியது, கையில் தர வேண்டியது என்று மூன்று தொகைகளாக எழுதித் தருவது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரும் முதல் வேலை. போன வாரம் ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்த சுருக்கத்தைப் பார்த்தபோது பதினொரு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தையே பார்த்தது போலிருந்தது. கூட்டல் பிழை, பெயர்ப் பிழை, தேதிப் பிழை பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவற்றை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டல் சரியாக இருந்தும் தொகை தவறிப்போகும் இடங்கள்தான் ஆபத்தானவை.

நிறுத்திவைத்த சம்பளத்தை மொத்தச் சம்பளமாக எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ராஜினாமாக் கடிதம் வந்தவுடன் பல நிறுவனங்கள் அந்த மாதச் சம்பளத்தை வங்கிக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும். ஆனால் சம்பளப் பட்டியல் வழக்கம்போலவே ஓடும். பி.எஃப். பிடித்து அதற்குரிய கணக்கில் கட்டிவிடுவார்கள். டி.டி.எஸ். பிடித்து அரசுக்குச் செலுத்திவிடுவார்கள். நின்றுபோவது ஊழியரின் கைக்கு வர வேண்டிய மிச்சம் மட்டுமே. எனவே இறுதிக் கணக்கில் 'நிறுத்திவைத்த சம்பளம்' என்று வரும் தொகை ஏற்கெனவே பிடித்தம் போன நிகரத் தொகை. அதே அறிக்கையில் அடுத்த வரியில் வரும் கடைசி மாதச் சம்பளமோ பிடித்தம் போகாத மொத்தத் தொகை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டும் ஒரே இனம் என்று கண் நம்பிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. ஊழியரின் கடைசி வேலை நாள் ஜூன் 20. மே மாதச் சம்பளம் நிறுத்திவைக்கப்பட்டது: பி.எஃப். 3,600, டி.டி.எஸ். 1,400 போக மிச்சம் 55,000. அறிக்கையின் வரவுப் பக்கத்தில் இந்த 55,000, ஜூனின் 20 நாள் சம்பளம் 40,000, பன்னிரண்டு நாள் விடுப்புச் சம்பளம் 12,000 ஆகியவை இருந்தன. மொத்தம் 1,07,000. பிடித்தப் பக்கத்தில் ஜூன் மாத பி.எஃப். 2,400, டி.டி.எஸ். 2,600, நோட்டீஸ் காலத்தில் குறைந்த 15 நாளுக்கு 30,000, சம்பள முன்பணப் பாக்கி 10,000. மொத்தம் 45,000. கையில் தர வேண்டியது 62,000.

தம்பி என்ன செய்தார்? அறிக்கையோடு இணைத்திருந்த மே மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த 5,000 ரூபாய்ப் பிடித்தத்தையும் பிடித்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். பிடித்தம் 50,000 ஆகி, ஊழியருக்கு 57,000 என்று வந்தது. ஒரே பிடித்தத்தை அவரிடம் இரண்டு முறை பிடித்தாயிற்று.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. எனக்கு வந்த ஓர் அறிக்கையில் நிறுத்திவைத்த சம்பளம் இதே போல நிகரமாக இருந்தது. அதைத் தயாரித்தவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைத்து, சம்பளச் சீட்டில் இருந்த மொத்தத் தொகையை வரவில் எழுதி, பிடித்தங்களை மட்டும் தொடாமல் விட்டேன். அறிக்கையின் அடியில் இருந்த நிகரத் தொகையும் என்னுடையதும் வேறுபட்டபோது, அது தவறு, என்னுடையதுதான் சரி என்று முடிவு செய்தேன். இளமையின் தன்னம்பிக்கை! என் சுருக்கத்தைப் பார்த்தே பணம் போனது. இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவு அண்ணன் ஒருவர் 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்ற கணக்கில் அந்த ஊழியர் பெயரில் எதிர்மறை இருப்பு நிற்பதைக் காட்டினார். வேலையை விட்டுப் போனவரிடம், கணக்கு முடிந்தது என்று நாமே கடிதம் கொடுத்த பிறகு, பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இதைப் பிடிக்க வழி எளிது. நிறுத்திவைத்த தொகைக்கு நேரே அது எந்த மாதத்தினுடையது, நிகரமா மொத்தமா என்று சுருக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு அந்த மாதத்தின் சம்பளப் பட்டியலில் கடைசிப் பத்தியிலிருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது நிகரம், அந்த மாதத்தின் பிடித்தம் எதையும் மறுபடி தொடக் கூடாது. உங்கள் நிகரமும் அறிக்கையின் நிகரமும் வேறுபட்டால், வேறுபாடு நிறுத்திவைத்த மாதத்தின் பிடித்தத் தொகைக்குச் சமமா என்று முதலில் பாருங்கள். சமமாக இருந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது.

பணிக்கொடையைக் கையில் தர வேண்டிய தொகையில் சேர்ப்பது

மேலே சொன்ன ஊழியரின் பணிக்காலம் ஆறு வருடம் எட்டு மாதம். ஐந்து வருடம் தாண்டியதால் பணிக்கொடை உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் ஏழு வருடம். அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் 7ஆலும் பெருக்கினால் 1,21,154 ரூபாய். நிறுவனம் காப்பீட்டுக் குழுமத் திட்டத்தில் இதற்காகப் பணம் கட்டி, அறக்கட்டளை வழியாகத் தனியே வழங்குவதாக இருந்தால், அறிக்கையில் இந்தத் தொகை தகவலுக்காக மட்டுமே நிற்கும். 62,000 உடன் கூட்டிவிட்டால் நிறுவனம் ஒரு முறையும் அறக்கட்டளை ஒரு முறையும் கொடுக்கும். யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தனியாக வருமென்றால் நிகரத்துக்குக் கீழே தனி வரியாக இருக்கட்டும்.

நோட்டீஸ் குறைவை விடுப்போடு ஈடுகட்டியதைக் கவனிக்காமல் விடுவது

மிச்ச விடுப்பை நோட்டீஸ் குறைவில் கழித்துக்கொள்ள சில நிறுவனங்கள் அனுமதிக்கும். அப்படிக் கழித்தால் குறைவு 15 நாளிலிருந்து 3 நாளாகும், பிடித்தம் 6,000 மட்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாள் விடுப்புச் சம்பளமும் வரவிலிருந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் மாறியதா என்று பாருங்கள். இங்கே ஒரு வேடிக்கை: விடுப்பு நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 1,000 ரூபாய், நோட்டீஸ் நாளுக்கு மொத்தச் சம்பளத்தில் 2,000 ரூபாய். ஆகவே கழித்துக்கொண்டால் ஊழியருக்கு 12,000 ரூபாய் லாபம். எந்த விகிதம் என்பது பணி நியமனக் கடிதத்தைப் பொறுத்தது. நாட்களையும் விகிதத்தையும் எழுதாமல் தொகையை மட்டும் எழுதினால் இது யாருக்கும் தெரியாமலே போகும்.

எல்லாப் பிடித்தத்தையும் 'வசூல்' என்று எழுதுவது

45,000 ரூபாய் வசூல் என்று படிக்கும் ஊழியர் அத்தனையும் நிறுவனத்துக்குக் கடன்பட்டதாக நினைத்து போன் செய்வார். 5,000 சட்டப்படியான பிடித்தம், 40,000தான் நிறுவனம் வசூலிப்பது. இரண்டு துணைத் தலைப்பு போதும்.

பி.எஃப். இருப்பை வரவில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். அது நிறுவனம் தரும் பணமல்ல.

நிகரம் எதிர்மறையாக வந்தால்

கழித்தல் குறியோடு 'தர வேண்டியது' என்று எழுதாதீர்கள். 'ஊழியர் செலுத்த வேண்டியது' என்று எழுதி, தொகையை நேராகப் போடுங்கள்.