பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ் குறைந்த தயிர்: வீட்டிலேயே செய்யும் முறை

கும்பகோணத்தில் எங்கள் அத்தைக்கு ஒரு தம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பிவிடும். தயிர் சாதம் ஒன்றும் செய்யாது. பால் புளித்துத் தயிரானதும் அதிலுள்ள சர்க்கரை, அதாவது லாக்டோஸ், முழுக்கப் போய்விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போவதில்லை.

அரை லிட்டர் பாலில் சுமார் 24 கிராம் லாக்டோஸ் இருக்கும். உறைந்து முடிக்கும்போது அதில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு அமிலமாக மாறியிருக்கும். மீதி அப்படியே தயிரில்தான் இருக்கிறது. நன்றாகப் புளிக்க விட்டாலும் முழுக்கத் தீராது, ஏனென்றால் தான் உண்டாக்கிய புளிப்பிலேயே கிருமிகள் அடங்கிவிடுகின்றன.

அப்புறம் ஏன் தயிர் ஒத்துக்கொள்கிறது? முதல் காரணம், அளவு. ஒரு தம்ளர் பாலில் ஒன்பது, பத்து கிராம் லாக்டோஸ் என்றால் ஒரு கரண்டி தயிரில் மூன்று, நான்கு கிராம்தான். இரண்டாவது காரணத்தில்தான் தயிருக்கும் யோகர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. யோகர்ட்டை உறைய வைப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ் என்ற இரண்டு கிருமிகள். லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி அவற்றுக்குள் இருக்கிறது. அவை உயிரோடு நம் குடலுக்குப் போனால் அந்த நொதி அங்கேயும் வேலை செய்கிறது. வீட்டு உறைமோர் பலவகைக் கிருமிகளின் கலவை, வீட்டுக்கு வீடு மாறும். அதில் அதிகம் இருக்கும் லாக்டோகாக்கஸ் வகை பெரும்பாலும் வேறு வழியில் லாக்டோஸை உடைப்பதால், குடலில் அதே உதவியை அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது. ஆக, இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், ஒன்றே அல்ல.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. அரை லிட்டர் பாலைப் பொங்கவிட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து இறக்கி, முழுக்க ஆறவிடுங்கள்.

2. மருந்துக்கடையில் கிடைக்கும் லாக்டேஸ் சொட்டை, குப்பியில் போட்டிருக்கும் அளவுப்படி ஆறிய பாலில் விட்டுக் கலக்கி, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள்.

பலருக்குத் தவறுவது இந்த இடத்தில்தான். சூடான பாலில் விட்டால் நொதி செத்துவிடும். உறைந்த தயிரில் விட்டாலும் பலன் குறைவு, ஈஸ்டிலிருந்து எடுக்கும் லாக்டேஸுக்குப் புளிப்பு ஆகாது. அதனால் பாலாக இருக்கும்போதே, ஆறிய பிறகுதான் விட வேண்டும். வேலை நடந்ததா என்று நாக்கே சொல்லிவிடும். சொட்டு விடாத பால் ஒரு வாய் தனியாக எடுத்து வையுங்கள். மறுநாள் இரண்டையும் ருசித்தால், சொட்டு விட்டது சர்க்கரை போட்டதுபோல் தித்திக்கும். லாக்டோஸ் உடைந்தால் வரும் குளுக்கோஸும் கேலக்டோஸும் அதைவிட இனிப்பு. தித்திப்பு தெரியவில்லையென்றால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

3. அந்தப் பாலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 42 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விரல் வைத்துப் பார்ப்பதைவிடச் சமையல் தெர்மாமீட்டர் எனக்கு நம்பிக்கை. யோகர்ட் கிருமிகளுக்கு இந்தச் சூடு நிற்க வேண்டும்.

4. உயிருள்ள கிருமி இருப்பதாக எழுதியிருக்கும், இனிப்பும் பழமும் சேர்க்காத யோகர்ட் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் உறையும். மார்கழிப் பனியில் ஹாட்பாக்ஸைப் போர்வையில் சுற்றி வைப்பேன்.

சொட்டு கிடைக்காவிட்டால் நீர்மோர்தான் என் சிபாரிசு. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு அடித்தால், ஒரு தம்ளரில் இரண்டு கிராம் லாக்டோஸ்கூட வராது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்கிறார்கள். வடியும் நீரோடு லாக்டோஸ் போவது உண்மைதான். ஆனால் துணியில் நிற்கும் தயிரிலும் அதே நீர் மீதி இருக்கிறது, அதனால் கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. வடித்த பிறகு ஆறிய நீர் விட்டுக் கலக்கி இன்னொரு முறை வடித்தால்தான் நன்றாகக் குறையும்.

பின்சேர்க்கை: மன்னார்குடியிலிருந்து ஒருவர், மோர்க்குழம்பு மட்டும் தன் வயிற்றைப் படுத்துவதாக எழுதியிருந்தார். கொதிக்கும்போது கிருமியும் நொதியும் அழிந்துவிடும், லாக்டோஸ் அழியாது. சொட்டு விட்டுச் செய்த தயிரில் வைத்தால் அந்தக் கவலை இல்லை, கொதிப்பதற்கு முன்பே லாக்டோஸ் உடைந்திருக்கும். திருவாரூரிலிருந்து வந்த கேள்வி சர்க்கரை நோயைப் பற்றியது. லாக்டேஸ் சர்க்கரையை உடைக்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை, அதனால் அவர்கள் வழக்கமான கணக்கிலேயே சாப்பிட வேண்டும். பால் புரதமே ஆகாத ஒவ்வாமை வேறு விஷயம், அவர்களுக்கு இந்தத் தயிரும் கூடாது.