காசு போய்விட்டது, டிக்கெட் வரவில்லை: அப்போது செய்யக்கூடாதவை

ரயில் டிக்கெட்டுக்கான ஐஆர்சிடிசி கணக்கைத் தொடங்கும்போதே சிலர் சிக்கலுக்கு வழி வைத்துவிடுகிறார்கள். பிரவுசிங் சென்டர்காரரின் மொபைல் எண்ணைக் கொடுத்தால் பிறகு ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆதாரையும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். 2025 ஜூலை முதல், ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். காலை 10:58-க்கு உட்கார்ந்து ஆதார் எண்ணைத் தேடினால் 11 மணி ஸ்லீப்பர் தட்கல் கைக்கு வராது.

பணம் விஷயத்தில் பெரிய தவறு, அவசரப்பட்டு மறுபடி கட்டுவது. சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பரில் நான்கு பேருக்குப் பதிவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். யுபிஐயில் பணம் போய்விட்டது, திரை அப்படியே நின்றுவிட்டது. உடனே இன்னொரு முறை கட்டுகிறீர்கள். ஆனால் முதல் டிக்கெட் பதிவாகியிருந்து, உங்கள் திரைக்குத்தான் தகவல் வரவில்லை என்றால்? கையில் இரண்டு டிக்கெட். உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தாலும் தலைக்கு ₹120 பிடிப்பார்கள், நான்கு பேருக்கு ₹480. உறுதியான தட்கலாக இருந்தால் ரத்து செய்து ஒரு பைசாகூட வாங்க முடியாது.

அதனால் முதலில் My Transactions பகுதியில் Booked Ticket History-ஐத் திறந்து பாருங்கள். அங்கே பிஎன்ஆர் இருந்தால் டிக்கெட் இருக்கிறது. இல்லையென்றால் Failed Transaction History-யில் தேடுங்கள். தட்கல் நேரத்தில் அந்த ஒரு நிமிடம் கசக்கும்தான், ஆனாலும் பார்த்துவிட்டே அடுத்த முறை கட்டுங்கள்.

டிக்கெட் பதிவாகவில்லை என்றால் பணம் பெரும்பாலும் தானாகவே, கட்டிய கணக்குக்கே திரும்பிவிடும். இதற்கு, ரயில்வேயிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் டிடிஆர் மனுவைப் போடாதீர்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானதால் பயணிக்கவில்லை என்பதுபோன்ற, கையில் டிக்கெட் உள்ள வழக்குகளுக்குத்தான் டிடிஆர்.

ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்கோ இணையதளத்துக்கோ யுபிஐயில் கட்டிய பணம் கணக்கில் கழிந்தும் அங்கே உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு. பஸ் டிக்கெட்டுக்கும் இதே கணக்குதான். எனவே யுபிஐ செயலியில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைத்த எண்ணுக்குப் போன் போடாதீர்கள். அங்கே போலி எண்களும் கலந்து கிடக்கின்றன. பணம் திரும்பி வர யுபிஐ பின் தேவையே இல்லை. யாராவது கேட்டால், அல்லது திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள். ஐந்து நாள் தாண்டியும் பணம் வரவில்லை என்றால் அந்த யுடிஆர் எண்ணோடு வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகவே புகார் அனுப்பலாம்.