ஐந்து வருஷத்தில் சம்பளம் 40% ஏறியதா? கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

அப்ரைசல் கடிதம் வந்ததும் நாம் பார்ப்பது ஒரே ஒரு எண், இந்த வருஷம் எத்தனை சதவீதம் என்பதுதான். விலைவாசியைக் கழித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள்கூட அந்த ஒரு வருஷத்தோடு நின்றுவிடுகிறார்கள். பல வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயமே புரியும், அதில்தான் தவறுகளும் அதிகம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2019-20இல் ஒருவருக்கு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கொரோனா வந்த 2020-21இல் இன்க்ரிமென்ட் இல்லை. அடுத்த நான்கு வருஷங்களில் 8, 10, 9, 8 சதவீதம். இதே வருஷங்களில் இந்தியாவின் சில்லறை விலைப் பணவீக்கம் சராசரியாக 6.2, 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம்.

முதல் தவறு, சதவீதங்களைக் கூட்டிக் கழிப்பது. சம்பள உயர்வைக் கூட்டினால் 35, விலை உயர்வைக் கூட்டினால் 28.4, ஆக 6.6% லாபம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏறுவது முந்தைய வருஷம் ஏறியதன் மேல்தான், அதனால் பெருக்கத்தான் வேண்டும். சம்பளம்: 1.08 × 1.10 × 1.09 × 1.08 = 1.399. விலை: 1.062 × 1.055 × 1.067 × 1.054 × 1.046 = 1.318. அதாவது சம்பளம் 39.9% ஏறி 41,955 ஆகியிருக்கிறது, விலைவாசி 31.8% ஏறியிருக்கிறது. இங்கேயும் 39.9இலிருந்து 31.8ஐக் கழித்து 8.1% என்று சொல்லக் கூடாது, வகுக்க வேண்டும்.

```
1.399 ÷ 1.318 = 1.061
```

உண்மையான உயர்வு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 6.1%. வருஷத்துக்கு 1.2%தான். இன்னொரு விதமாகச் சொன்னால், விலைவாசிக்கு ஈடுகொடுக்க மட்டுமே 39,540 ரூபாய் தேவைப்பட்டது, அதற்கு மேல் கிடைத்தது மாதம் 2,400 சொச்சம்.

சரி, 6.1% லாபமாவது இருக்கிறதே என்று தோன்றும். அடுத்த தவறு அங்கேதான். முதல் வருஷத்தையும் கடைசி வருஷத்தையும் மட்டும் பார்த்தால் நடுவில் நடந்தது மறைந்துவிடும். ஒவ்வொரு வருஷச் சம்பளத்தையும் 2019-20 விலைக்கு மாற்றிப் பாருங்கள்: 28,249, பிறகு 28,918, பிறகு 29,812, அப்புறம்தான் 30,831, கடைசியில் 31,832. இன்க்ரிமென்ட் இல்லாத அந்த ஒரு வருஷத்தின் பள்ளத்திலிருந்து ஏறி வர மூன்று வருஷ இன்க்ரிமென்ட் போயிருக்கிறது. பழைய நிலையைத் தாண்டியதே 2023-24இல்தான். முதல் மூன்று வருஷத்தில் இழந்தது 2019-20 விலையில் சுமார் 36,000 ரூபாய், கடைசி இரண்டு வருஷத்தில் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 32,000. ஐந்து வருஷத்தையும் சேர்த்தால் இன்னும் நஷ்டம்தான்! "அந்த வருஷம் யாருக்குமே கொடுக்கவில்லை" என்று விட்டுவிடாமல், சம்பளம் பேசும்போது இந்த வரிசையை எடுத்து வைப்பது நியாயமான வாதம்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிட்டது என்று நினைப்பதும் இதே மாதிரியான தவறு. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25%க்கு இறங்கியது, செய்தி எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு அர்த்தம் முந்தைய அக்டோபரைவிட விலை கிட்டத்தட்ட ஏறவில்லை என்பது மட்டுமே. அந்த முந்தைய அக்டோபரில் 6.21% ஏறியிருந்தது, அது அப்படியே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் "இப்போது பணவீக்கமே இல்லையே, 3% போதாதா" என்று நிர்வாகம் கேட்டால், முந்தைய வருஷங்களின் பாக்கியைத் தீர்த்தாயிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதும் முக்கியம். சி.டி.சி. வேண்டாம். அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கிடைக்குமா என்றே தெரியாத ஊக்கத்தொகை எல்லாம் கலந்திருக்கும், அந்தப் பங்குகளை மாற்றியமைத்தே உயர்வைப் பெரிதாகக் காட்டிவிட முடியும். வருஷம் முழுக்க வங்கிக் கணக்கில் வந்த சம்பளத்தைக் கூட்டி 12ஆல் வகுத்து, அந்த வருஷத்தின் சராசரி விலையோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் சம்பளத்தை மட்டும் எடுத்தால் புது இன்க்ரிமென்ட் சூட்டோடு நன்றாகத் தெரியும், அடுத்த மார்ச்சுக்குள் அதில் ஒரு பகுதியை விலைவாசி தின்றிருக்கும்.

கடைசியாக, அரசு வெளியிடும் எண் உங்கள் வீட்டுச் செலவு அல்ல. மேலே சொன்ன பணவீக்கம் 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டிலிருந்து வந்தது, அதில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் கிட்டத்தட்ட 46% எடை இருந்தது. உங்கள் செலவில் பாதி வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது என்றால் காய்கறி விலை சரிந்து பணவீக்கம் இறங்குவதால் உங்களுக்குப் பெரிய ஆறுதல் இல்லை. அப்போது வாடகை, கட்டணம், மளிகை, போக்குவரத்து என்று நான்கைந்து பெரிய செலவுகளை மட்டும் எடுத்து, அன்றைக்கு வாங்கிய அதே அளவுக்கு இன்றைக்கு எவ்வளவு ஆகிறது என்று கூட்டி, பழைய மொத்தத்தால் வகுத்து, 1.318 இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். அளவு மாறக் கூடாது. இரண்டு அறை வீட்டிலிருந்து மூன்று அறை வீட்டுக்கு மாறியிருந்தால் அந்தக் கூடுதல் வாடகை விலைவாசி அல்ல, பழைய வீட்டுக்கு இன்றைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்பதைத்தான் எடுக்க வேண்டும்.