கல் குத்தலுக்குக் குஷன் போதாது

ஏற்காட்டுக் கல்பாதையில் ஓடும்போது விரல்களுக்குப் பின்னாலுள்ள பாதப்பகுதி எனக்குக் குத்திக் குத்தி வலிக்கும். அப்போது நான் போட்டிருந்தது தார்ச்சாலைக்கான ஷூ. நல்ல தடிமனான குஷன்தான், ஆனால் மெத்தென்ற நுரை சமதரை அதிர்வைத் தாங்குமே தவிர, கூர்கல் பட்ட இடத்தில் மட்டும் அமுங்கி, குத்தலைப் பாதம்வரை விட்டுவிடும்.

ராக் பிளேட் உள்ள டிரெயில் ஷூவுக்கு மாறியதும் குத்தல் நின்றது. ராக் பிளேட் என்பது நுரைக்கும் அடி ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு, பெரும்பாலும் பிளாஸ்டிக். அது அழுத்தத்தைப் பரப்பிவிடும். கடையில் முன்பாதத்தின் அடிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விறைப்பு கையில் தெரியும்.

அப்புறம் ஷூவின் அடி ரப்பரில் உள்ள பற்கள். காய்ந்த கல்லும் மண்ணும் கலந்த பாதைக்கு 4 மி.மீ. ஆழம் போதும். 6 மி.மீ. சேற்றுக்கு அருமை, ஆனால் பாறையில் பற்கள் வளைந்து கால் ஆடும். தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும்.