ஒரு நிமிடத்தில் புரியாத போஸ்டர்: ஆய்வு நாளில் எங்கே தவறுகிறோம்

துறை ஆய்வு நாளன்று போஸ்டர் வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். படிப்பதற்கென்று யாரும் வருவதில்லை. டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த ஹாலுக்குப் போகிற வழியில், நடந்தபடியே ஒரு பார்வை பார்க்கிறார்கள். ஏதாவது பிடிபட்டால் நிற்கிறார்கள். அப்படி நிற்பவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. அதுவும் பெரும்பாலும் வேறு பிரிவு ஆளாக இருப்பார்.

நம் மாணவர்கள் போஸ்டர் தயாரிப்பது இந்த ஆளை நினைத்து அல்ல. கைடையும் நடுவரையும் நினைத்து. அதனால் ஆய்வறிக்கையைச் சுருக்கி, அறிமுகம், நோக்கம், முறை, முடிவு, மேற்கோள் என்று கட்டம் கட்டி ஒட்டிவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் எழுநூறு, எண்ணூறு சொற்கள் இருக்கும். இங்கிலீஷில் நிமிடத்துக்கு 200 முதல் 250 சொற்கள் என்பது உட்கார்ந்து அமைதியாகப் படிப்பவருக்கான கணக்கு. எண்ணூறு சொல் என்றால் அவருக்கே மூன்று நான்கு நிமிடம் வேண்டும். ஹாலில், இரைச்சலில், நின்றுகொண்டு படிப்பவரைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். வேதியியல் துறையில் வருடா வருடம் வரக்கூடிய தலைப்புதான்: சீமைக்கருவேல மரத்திலிருந்து கரி தயாரித்து, சாயம் கலந்த நீரைச் சுத்தம் செய்வது. எண்களை நான் உதாரணத்துக்காகவே வைக்கிறேன். லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் கலந்த நீரில் கரியைப் போட்டுக் குலுக்கியதில், ஒரு மணி நேரத்தில் 90 சதவீதச் சாயம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

போஸ்டரின் தலையில் வழக்கமாக என்ன இருக்கும்? “சீமைக்கருவேல மரக்கட்டையிலிருந்து பெறப்பட்ட கிளர்வூட்டப்பட்ட கரியைப் பயன்படுத்தி நீர்க்கரைசலிலிருந்து மெத்திலீன் நீலத்தைப் பரப்புக் கவர்தல் முறையில் அகற்றுதல்: சமநிலை, வினைவேக, வெப்ப இயக்கவியல் ஆய்வுகள்.” ஆய்விதழில் இந்தத் தலைப்புக்கு வேலை உண்டு. தேடுபவருக்கு எல்லாக் கலைச்சொல்லும் கிடைக்க வேண்டும். ஆனால் நடந்து போகிறவருக்கு இதில் ஆய்வின் பெயர் மட்டும்தான் தெரிகிறது, என்ன கிடைத்தது என்பது தெரியவில்லை. முதல் பெரிய தவறு இதுதான். என்ன செய்தோம் என்பதைத் தலையில் வைக்கிறோம், என்ன கண்டோம் என்பதைக் கீழே வலது மூலையில், முழங்கால் உயரத்தில் வைக்கிறோம். கூட்டம் நின்றால் அந்த மூலை யாருக்கும் தெரியாது.

கண்டதை ஒரு முழு வாக்கியமாக, வினைமுற்றோடு எழுதிப் பாருங்கள்: “சீமைக்கருவேலக் கரி, நீரில் கலந்த நீலச் சாயத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுகிறது.” இது பெரிய எழுத்தில், கண் மட்டத்தில் இருக்கட்டும். கைடு ஒப்புக்கொண்ட நீளத் தலைப்பைச் சின்னதாக மேலே போட்டுக்கொள்ளலாம், அதை எடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் 2019-இல் பரப்பிய போஸ்டர் வடிவமும் இப்படித்தான்: நடுவில் ஒரே வாக்கியம், பெரிதாக, மற்றதெல்லாம் இரண்டு ஓரங்களில். அதை அப்படியே நகலெடுத்து, நடுவில் வாக்கியம் மட்டும் வைத்து, ஒரு படம்கூட இல்லாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. நம் ஆய்வில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இருக்கும்போது அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

வாக்கியத்தைச் சுருக்கும்போது இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். “சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சீமைக்கருவேலம்!” என்று எழுதிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செய்தது அது அல்ல. ஆய்வகத்தில் வாலை வடிநீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனை இது. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். திருப்பூர் போன்ற ஊர்களில் பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. அந்தக் கழிவுநீரில் உப்பும் ஏராளமாக இருக்கும். நீலத்தைப் பிடித்த கரி அதையும் அதே அளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வருகிறவர்களில் விஷயம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில்தான் முதல் கேள்வி கேட்பார், மாணவர் திணறுவார். “நீரில் கலந்த நீலச் சாயம்” என்ற மூன்று நான்கு சொற்கள் அந்தத் தலைவலியைத் தவிர்க்கின்றன.

அடுத்தது படங்கள். இந்த மாதிரி போஸ்டரில் எஸ்.இ.எம். படம், எஃப்.டி.ஐ.ஆர். வரைபடம், எக்ஸ்.ஆர்.டி., லாங்மியூர், ஃபிராய்ண்ட்லிக், வினைவேக வரைபடம் இரண்டு என்று எட்டுப் பத்துப் படங்கள் அஞ்சல்தலை மாதிரி ஒட்டியிருக்கும். எஸ்.இ.எம்.முக்குக் காசு கொடுத்தோம், போடாமல் விட மனம் வரவில்லை என்று ஒரு மாணவி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். புரிகிறது. ஆனால் போகிறவருக்கு அந்த எட்டுப் படமும் ஒரே சாம்பல் கூட்டம்தான்.

இந்த ஆய்வுக்கு உண்மையில் வேண்டியது இரண்டு. ஒன்று, இரண்டு பாட்டில்களின் புகைப்படம்: கரி போடும் முன், போட்டு வடிகட்டிய பின். இரண்டையும் ஒரே வெள்ளைத் தாளின் முன், ஒரே வெளிச்சத்தில், ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து ஒட்டினால் செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிவிடும், வித்தியாசம் பொய்யாகிவிடும். இன்னொன்று, நேரம் போகப் போக எத்தனை சதவீதம் சாயம் போனது என்ற ஒரே ஒரு கோடு. செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து நூறு வரை இருக்கட்டும். 60-ஆம் நிமிடப் புள்ளிக்குப் பக்கத்திலேயே “90%” என்று எழுதிவிடுங்கள். ஐந்து வண்ணக் கோடுகளும், ஓரத்தில் அதற்கொரு பட்டியலும் இருந்தால், பார்ப்பவர் கோட்டுக்கும் பட்டியலுக்கும் கண்ணை ஓட்டியே அந்த நிமிடத்தைத் தொலைப்பார். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் வேறு ஆண்களில் கணிசம். மற்ற வரைபடங்களை ஏ4 தாளில் அச்சிட்டு ஒரு ஃபைலில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாம். நடுவர் லாங்மியூரைக் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். நடுவரும் அதை இன்னும் விரும்புவார், குனிந்து பார்க்க வேண்டாமே.

எழுத்தளவில் நடக்கிற தவறு பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது. பவர்பாயிண்டைத் திறந்து, அது தருகிற சாதாரண ஸ்லைடிலேயே வேலையை ஆரம்பிப்பார்கள். அது அகலவாக்கில் இருக்கும்; அச்சிடப் போவதோ உயரவாக்கில். கடைசியில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து அடைப்பார்கள். முதலிலேயே Custom Slide Size-இல் உண்மையான அளவைக் கொடுத்துவிட வேண்டும். ஏ0 என்றால் 84.1 × 118.9 செ.மீ. நம் ஊர் ஃபிளெக்ஸ் கடையில் 3 × 4 அடி என்றால் 91.4 × 121.9 செ.மீ. இரண்டும் ஒன்றல்ல. ஏ0 கோப்பைக் கொடுத்து மூன்றுக்கு நான்கு அடிக்கச் சொன்னால், கடைக்காரர் இழுத்துப் பொருத்திவிடுவார். வட்டம் லேசாக முட்டையாகும், கல்லூரி முத்திரையும் சேர்த்து.

அளவை வைத்தபின், ஏ0-வில் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு 80 முதல் 100 பாயிண்ட், உடல் எழுத்துக்கு 32, படக்குறிப்புக்கு 24-க்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். ஆனால் எண்ணை நம்புவதைவிட ஒரு சோதனை நல்லது. ஏ0-வை ஏ4-இல் அச்சிட்டால் நீளமும் அகலமும் சரியாகக் கால் பங்காகும். அந்தத் தாளை 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்ப்பதும், பெரிய போஸ்டரை 160 செ.மீ. தூரத்தில், அதாவது ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே ஏ4-இல் படிக்க முடியாத எதுவும் ஹாலில் ஐந்தடியிலிருந்து படிக்க முடியாது. 24 பாயிண்ட் எழுத்து அங்கே 6 பாயிண்டாக நிற்கும். அதற்குக் கீழே போனதை எடுத்துவிடலாம். கணினித் திரையில் ஜூம் செய்து பார்த்து “தெரியுதே சார்” என்று சொல்வதில் பயனில்லை.

புகைப்படத்துக்கும் இதே கணக்குதான். நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கி, நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்திருக்கும். அதை 60 செ.மீ. அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 70 பிக்சல்கூட வராது, பாட்டிலின் விளிம்பு பிசிறடிக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே வரும்.

தலைப்பகுதியில் முத்திரைகளும் பெயர்களும் போஸ்டரின் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிடுவது நம் ஊர் வழக்கம். முழுக்க எடுக்க விட மாட்டார்கள். ஒரு மெல்லிய பட்டையாக அடியில் இறக்கப் பாருங்கள். சில துறைகளில் ஒப்புக்கொள்கிறார்கள். கட்சி ஃபிளெக்ஸ் வைப்பவரைக் கிண்டல் செய்கிறோம். ஆனால் பைக்கில் போகிறவன் என்ன பார்ப்பான் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

க்யூ.ஆர். கோடு போடுபவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது அதன் அகலம் இருக்கட்டும்; ஒரு மீட்டர் என்றால் 10 செ.மீ. அப்புறம் கூகுள் டிரைவ் இணைப்பு Anyone with the link என்று திறந்திருக்கிறதா என்பதை வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அனுமதி கேட்கும் பக்கம்தான் வந்து நிற்கும்.

கடைக்கு பிபிடி கோப்பைக் கொண்டு போகாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது, வரிகள் இடம் மாறும், தமிழ் எழுத்து இருந்தால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள். பளபள ஃபிளெக்ஸ் வேண்டாம், டியூப்லைட் அதில் பட்டை பட்டையாகத் தெரியும், மேட் கேளுங்கள்.

அதற்கு முந்தின நாளே ஏ4 தாளை வேறு துறை ஆள் ஒருவரிடம் கொடுத்து, ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லி, தாளைத் திருப்பி வைத்துவிட்டு “என்ன கண்டுபிடிச்சிருக்கோம்?” என்று மட்டும் கேளுங்கள். “ஏதோ கரி வச்சு தண்ணி சுத்தம் பண்றீங்க” என்று ஒரு கணிதத்துறை மாணவர் சொன்னால், பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் என்பது சேரவில்லை. அவருக்கு விளக்கிச் சொல்லத் தொடங்காதீர்கள். அவர் பார்வை எந்த இடத்தில் நின்றது என்று கேட்டுக்கொண்டு, அந்த இடத்துக்கு “90%”-ஐ நகர்த்துங்கள். பிறகு இன்னொருவரிடம் அதே கேள்வி. இரண்டாமவர் தாளைப் பார்க்காமல் “ஒரு மணி நேரத்துல நீலம் மொத்தமும் போயிடுது போல” என்றால், கடைக்குப் போகலாம். “மொத்தமும்” என்று அவர் சொன்னதைத் திருத்த நீங்கள் போஸ்டர் பக்கத்தில் நிற்பீர்களே.