கோட் ஒரு கலர், பேண்ட் வேற கலர்: 'கிட்டத்தட்ட மேட்ச்' ஆகுறதுதான் வில்லங்கமே

முகூர்த்த மாசம் வந்தா எங்க தையல் கடைக்கு வாரத்துக்கு ரெண்டு பேராவது நேவி ப்ளூ கோட்டைக் கையில தூக்கிட்டு வந்துடுவாங்க, "அண்ணா இதுக்கு இதே கலர்ல பேண்ட் வேணும்"னு. கோட் கையில தைச்சு வர்ற லேபிளைப் பிரிக்கல, கடைசி பட்டனையும் சேத்துப் போட்டுட்டான், இதெல்லாம் யாராவது ஒருத்தர் சொல்லிக் குடுத்துடுவாங்க. நான் சொல்லவர்றது நானே பணம் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்ட தப்பு.

கலரை ஒட்டி ஒட்டி எடுக்குறது

அப்போ நான் தொழிலுக்குப் புதுசு. என் நேவி சூட்டோட பேண்ட்ல இஸ்திரிப் பெட்டி பட்டுப் பளபளன்னு ஒரு தடம் விழுந்துடுச்சு. கோட் மட்டும் நல்லாயிருக்கேன்னு அதைத் தூக்கிட்டு ஜவுளிக்கடைக்குப் போய், ட்யூப்லைட்டுக்குக் கீழ துணித் தானை விரிச்சு மேல கோட்டை வச்சுப் பாத்தேன், கொஞ்சங்கூட வித்தியாசம் தெரியல, கடைக்காரரும் "ஒரே கலர்தான் சார்"ன்னுட்டார், ஒன்னேகால் மீட்டர் வெட்டி நானே தைச்சும் போட்டுக்கிட்டேன். மறுவாரம் சொந்தக்காரங்க கல்யாணம். மண்டபத்துக்கு உள்ள இருக்குறவரைக்கும் ஒன்னும் இல்ல. குரூப் போட்டோவுக்கு வாசலுக்கு வந்தோம், வெயில் பட்டதும் கோட் நீலமாவும் பேண்ட் கத்திரிப்பூ கலராவும் நிக்குது. அத்தை எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு: "ஏன்டா, பேண்ட் மட்டும் வெளுத்துப்போச்சா?"

அந்தக் கேள்வியிலதான் விஷயமே இருக்கு. ரெண்டு கலரும் நல்லா விலகி இருந்தா வேணும்னே போட்டிருக்கான்னு தெரியும், ஒட்டி இருந்தா மேட்ச் பண்ணப் பாத்துக் கோட்டை விட்டுட்டான்னுதான் தெரியும். ஒரே கலராத் தெரியுற ரெண்டு துணிக்கும் சாயக் கலவை வேறயா இருந்தா ஒரு விளக்குல ஒத்துப்போகும், இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சிடும். அதனால கடை லைட்டை நம்பாதீங்க, துணியை வாசலுக்கு எடுத்துட்டு வந்து பாருங்க.

எவ்வளவு விலகணும்னு கேட்டா நான் பண்றது இதுதான், பிளேசரையும் பேண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்து அதைக் கருப்பு வெள்ளையா மாத்திடுவேன். ரெண்டும் ஒரே சாம்பல் கட்டியா ஒட்டிக்கிச்சுன்னா அந்த ஜோடி வேணாம். நேவியோட கரி கலர் பேண்ட் இப்படித்தான் ஒட்டிக்கும், நடுத்தர கிரே தெளிவாப் பிரியும், வெளிர் கிரேயும் காக்கியும் இன்னும் நல்லாப் பிரியும். இந்த டெஸ்ட் அடர்த்தியை மட்டும்தான் பாக்கும்ங்கிறது உண்மைதான், அடர் பிரவுனும் நேவியும் இதுல ஒட்டிக்கும், ஆனா பகல்ல வேற வேறன்னு தெரியும். ராத்திரி ரிசப்ஷன்ல மங்கலான லைட்ல நின்னா அடர்த்திதான் கண்ணுக்குத் தெரியும், அதனால சாயங்கால ஃபங்ஷனுக்கு இதுல பாஸ் ஆனாத்தான் விடுவேன்.

நேவி கோட்டுக்குக் கருப்பு பேண்ட்

மேல சொன்ன அதே வியாதி.

சூட் கோட்டை பிளேசர்னு சொல்லிக்கிறது

சூட் துணி வழவழன்னு லேசா மினுக்கும், பட்டனும் துணி கலர்லயே இருக்கும். அதைச் சொரசொரப்பான காட்டன் சினோஸ் மேல போட்டா மேல ஆபீஸ், கீழ வீடு. பிளேசர் துணியில நெசவு கண்ணுக்குத் தெரியணும். ஹாப்சாக்னு கேளுங்க, கோணி மாதிரி சின்னச் சின்னப் பின்னலா இருக்கும், காத்தும் உள்ள போகும், நம்ம ஊருக்குத் தோதா இருக்கும். அதுக்குக் கீழ மினுக்கம் இல்லாத மெல்லிசுக் கம்பளி, ட்ராபிகல் வூல்னு சொல்வாங்க, அதுவும் போகும், காட்டனும் போகும். வெளிநாட்டு போட்டோவைப் பாத்து தடிமனான கம்பளி ஃபிளானல் பேண்ட் கேக்காதீங்க, சென்னையில மத்தியானத்துக்குள்ள கழட்டி எறியத் தோணும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. கோட்டை மட்டும் தனியாப் போட்டுத் தனியா டிரை கிளீனிங் குடுத்தா, ரெண்டு வருஷத்துல அது ஒரு நிறம், அதோட சொந்த பேண்ட் ஒரு நிறம். அப்புறம் அது சூட்டும் இல்ல.

கட்டத்துக்குக் கட்டம்

ரெண்டுலயும் டிசைன் வேணும்னா அளவு நல்லா மாறணும். கோட்ல உள்ளங்கை அகலக் கட்டம்னா பேண்ட்ல பத்தடி தள்ளிப் பாத்தா பிளெயினாத் தெரியுற பொடி டிசைன். ரெண்டும் ஒரு இன்ச் கட்டமா இருந்தா பாக்குறவங்களுக்குக் கண்ணு கூசும். முதல் பிளேசர்னா ஒன்னு பிளெயினாவே இருக்கட்டும், அதுவும் பேண்டா இருக்கட்டும்.

பின்ஸ்ட்ரைப், அதாவது மெல்லிசு கோடு போட்ட சூட் கோட்டை வேற பேண்டோட போடுறது

வேணாம் தம்பி.